இருபது வருடம் வேலை பார்த்த பனியன் கம்பெனியை விட்டுப் போகிறேன், விடைபெறும் செய்தியைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

பாளையத்தான் (16 மார்ச் 2025, காலை)

திருப்பூரில் ஒரு சின்ன ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பெயருக்குத்தான் மெர்ச்சண்டைசர், லேப் டிப் என்கிற சாய மாதிரித் துண்டின் அப்ரூவலில் இருந்து தூத்துக்குடிக்கு கன்டெய்னர் ஏற்றுவது வரை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து அறுபது பேர் இருப்போம். 2004 ஆகஸ்ட் 9ஆம் தேதி உள்ளே வந்தேன், இந்த மார்ச் 31 கடைசி நாள். தாராபுரம் பக்கம் மாமனாருடைய தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை, அதனால் குடும்பத்தோடு அங்கே போகிறோம். ஓனரிடம் பிப்ரவரியிலேயே சொல்லியாகிவிட்டது, புதுப் பையனும் வந்துவிட்டான்.

கம்பெனி வாட்சப் குரூப்பில் போட ஒரு செய்தி எழுதினேன். நெட்டில் கிடைத்த ஆங்கில மாதிரியைப் பார்த்துத்தான் எழுதினேன், ஆனால் படிக்கும்போது எனக்கே ஒட்டவில்லை. கீழே இருக்கிறது.

"அன்பார்ந்த சக ஊழியர்களே, கனத்த இதயத்துடன் இந்தச் செய்தியை எழுதுகிறேன். உங்களுடன் பணியாற்றியது எனக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். இந்த நிறுவனம் எனக்கு எண்ணற்ற வாய்ப்புகளை வழங்கியது. நிர்வாகத்துக்கும் அனைத்துப் பிரிவினருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்கு வர வேண்டிய அனைத்தும் குறைவின்றிக் கிடைத்துவிட்டன. இனி என்னைத் தொடர்பு கொள்ள என் சொந்த எண்ணும் மின்னஞ்சலும் கீழே. இந்தக் குடும்பத்தை என்றும் மறவேன்."

இதையே ஆங்கிலத்தில் மாற்றி பையர்களுக்கும் அனுப்பலாம் என்று இருக்கிறேன். எதை எடுக்கலாம், எதைச் சேர்க்கலாம்?

மழைக்காலம் (16 மார்ச்)

வாழ்த்துகள் அண்ணா. பிரிவு உபசார விழாவுக்கு நாங்கள் எப்போதும் சால்வையும் வெள்ளி விளக்கும்தான் கொடுப்போம். இருபது வருடம் என்றால் தலைக்கு இருநூறு போட்டாலே ஒரு நல்ல கடிகாரம் வாங்கிவிடலாம். கேட்டரிங்குக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முகூர்த்த நாள் நிறைய வருகிறது.

பாளையத்தான் (16 மார்ச்)

தம்பி, போகிறவனே நான்தான். எனக்கு நானே கடிகாரம் வாங்கிக்கொள்ளவா?

தறிக்காரன் மகன் (16 மார்ச்)

செய்தியைப் படித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கல்யாண மண்டபத்தில் சட்டம் போட்டு மாட்டுகிற வாழ்த்து மடல் மாதிரி இருக்கிறது. கனத்த இதயம், பெரும் பாக்கியம், எண்ணற்ற வாய்ப்பு. பனியன் கம்பெனி என்றே தெரியவில்லை, பேங்கில் இருந்து ரிட்டயர் ஆகிறவரும் இதையே போடலாம், பஞ்சாயத்து ஆபீஸில் இருந்து போகிறவரும் போடலாம். இருபது வருடத்தில் ஒரு ராத்திரிகூட உங்களுக்கு ஞாபகம் இல்லையா? "அனைத்துப் பிரிவினருக்கும் நன்றி" என்று எழுதினால் பேக்கிங்கில் நிற்கிற அக்காவுக்கு அது தன்னைச் சொன்னது என்று எப்படித் தெரியும்?

கணக்குப்புலி (16 மார்ச்)

மொழியை விடுங்கள், பணம் முக்கியம். கிராஜுவிட்டி வாங்கிவிட்டீர்களா? கடைசி பேசிக்கும் டிஏவும் சேர்த்து 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். உங்கள் பேசிக்கும் டிஏவும் எவ்வளவு, பிஎஃப் எந்த வருடம் ஆரம்பித்தார்கள்? பிஎஃப் ஆரம்பித்த தேதியில் இருந்துதான் சர்வீஸ் கணக்கு.

பாளையத்தான் (16 மார்ச்)

பேசிக், டிஏ சேர்த்து 26,000. பிஎஃப் 2008 ஜூனில்தான் போட்டார்கள், அதற்கு முன் சனிக்கிழமை சம்பளம் கையில்தான். கிராஜுவிட்டி இன்னும் வரவில்லை, கடைசி நாளுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓனர் சொல்லியிருக்கிறார். செய்தியில் எல்லாம் கிடைத்துவிட்டது என்று ஒரு மரியாதைக்குப் போட்டேன்.

கணக்குப்புலி (16 மார்ச்)

அப்படியென்றால் 2008 ஜூனில் இருந்து 17 வருடம். நாளுக்கு 1,000, பதினைந்து நாளுக்கு 15,000, பதினேழு வருடத்துக்கு 2,55,000. அதைக் கேட்டு வாங்குங்கள்.

நொய்யல்கரை (16 மார்ச், இரவு)

முப்பது வருடம் டைம் ஆபீஸில் உட்கார்ந்து இந்த ஊர் கம்பெனிகளின் மஸ்டர் ரோலை எழுதியவள் நான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கணக்குப்புலி போட்ட பெருக்கல் சரி. ஆரம்பத் தேதிதான் தப்பு. கிராஜுவிட்டிக்கு நீங்கள் வேலையில் சேர்ந்த நாள்தான் கணக்கு, பிஎஃப் போட்ட நாள் இல்லை. இரண்டும் வேறு வேறு சட்டம். 2004 ஆகஸ்ட் 9இல் இருந்து 2025 மார்ச் 31 வரை இருபது வருடம் முடிந்து ஏழு மாதத்துக்கு மேல் ஆகிறது. கடைசித் துண்டு ஆறு மாதத்தைத் தாண்டினால் அது ஒரு முழு வருடம். ஆக 21 வருடம், 3,15,000 ரூபாய். இரண்டுக்கும் நடுவில் 60,000 வித்தியாசம் இருக்கிறது, அது உங்கள் தோட்டத்துக்கு ஒரு மோட்டார் விலை.

சிக்கல் என்னவென்றால் 2004இல் இருந்து 2008 வரை உங்கள் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது? அந்தக் காலத்துச் சம்பள நோட்டு கம்பெனியில் இருக்கலாம், கரையான் தின்றிருக்கலாம். நாளைக்குப் பேச்சு வந்தால் ஓனர் மறுக்காமல் இருக்கலாம், ஆனால் அவர் மகனோ ஆடிட்டரோ பிஎஃப் பாஸ்புக்கைக் காட்டி "2008" என்பார்கள். நான் பார்த்த தகராறில் பாதி இப்படி வந்ததுதான். நல்ல மனுஷனாக இருந்த முதலாளி வெளியூர் போயிருப்பார், கணக்கு எழுதுகிறவர் புதுசாக வந்திருப்பார்.

அதனால் உங்கள் விடைபெறும் செய்தி வெறும் மரியாதைக் காகிதம் இல்லை. அதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, சேர்ந்த தேதியையும் கடைசித் தேதியையும் பேச்சோடு பேச்சாக எழுதிவிடுங்கள். "2004 ஆகஸ்ட் 9ஆம் தேதி, அப்போது கம்பெனி பழைய ஷெட்டில் இருந்தது" என்று கதை மாதிரி வரட்டும், குற்றப்பத்திரிகை மாதிரி வேண்டாம். ஓனர் இருக்கிற குரூப்பில் அது போய், அவர் ஒரு பதில் போட்டாலே உங்களுக்கு ஒரு சாட்சி. அதுவே போதும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, "எனக்கு வர வேண்டிய அனைத்தும் குறைவின்றிக் கிடைத்துவிட்டன" என்ற வரியை இன்றைக்கே அழித்துவிடுங்கள். மரியாதைக்குச் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் வராத பணத்தை வந்துவிட்டது என்று உங்கள் கையாலேயே அறுபது பேர் முன்னால் எழுதிக் கொடுக்கிறீர்கள். சட்டப்படி கிடைக்க வேண்டிய கிராஜுவிட்டி அந்த ஒரு வரியால் செத்துப்போகாதுதான், ஆனால் எதிர்த்தரப்புக்கு வாதம் செய்ய நீங்களே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

கணக்குப்புலி (17 மார்ச்)

பிஎஃப் தேதி விஷயம் எனக்குத் தெரியாது, என் கம்பெனியில் இரண்டும் ஒரே நாள் என்பதால் அப்படியே நினைத்திருந்தேன். ஆனால் அறுபது பேர் இருக்கிற சின்ன கம்பெனிக்கு கிராஜுவிட்டி கட்டாயமா என்பதே சந்தேகம்தானே?

நொய்யல்கரை (17 மார்ச்)

பத்துப் பேர் இருந்தாலே கட்டாயம். ஒருதடவை பத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் ஆள் குறைந்தாலும் விலக்கு இல்லை. அதோடு மெர்ச்சண்டைசர், மேனேஜர் என்றெல்லாம் பேர் வைத்து "நீ தொழிலாளி இல்லை" என்று சொல்வதும் கிராஜுவிட்டியில் செல்லாது.

சின்ன முதலாளி (17 மார்ச்)

நானும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், பவர் டேபிள் பதினெட்டு. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். விடைபெறும் செய்தியில் தேதி எழுதச் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன், அது உண்மைதானே. ஆனால் பையர்களுக்குச் சொந்த எண்ணையும் மெயிலையும் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. மெர்ச்சண்டைசர் போகும்போது பையரும் கூடவே போவதை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? இவர் தோட்டம் பார்க்கத்தான் போகிறார், நம்புகிறேன். ஆனால் ஓனர் அந்த மெயிலைப் பார்க்கும்போது தோட்டம் கண்ணுக்குத் தெரியாது, நம்பர்தான் தெரியும்.

அச்சாபீஸ் அக்கா (17 மார்ச்)

இதை என் கதையில் இருந்து சொல்கிறேன். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பதினோரு வருடம் ஆர்டர் பார்த்தேன். காலண்டர் சீசன் முடிந்து தையில் நின்றேன். கடைசி நாள் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரு மெயில் போட்டேன், கீழே என் நம்பர். நான் வேறு எங்கும் சேரவே இல்லை, இரண்டாவது பிள்ளைக்குப் பேறுகாலம். ஆனாலும் கடைசி மாதச் சம்பளத்தை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள். "பார்ட்டியைத் தூக்குகிறாள்" என்று ஆபீஸில் பேச்சு. சம்பளம் அப்புறம் வந்துவிட்டது, ஆனால் அந்தப் பேச்சு இன்னும் அங்கே இருக்கிறது. குரூப்பிலும் ஒரு செய்தி போட்டேன், ஒரு தம்ஸ்அப் மட்டும் வந்தது, அதையும் போட்டது வாட்ச்மேன் அண்ணன்.

பாளையத்தான் (17 மார்ச்)

அக்கா, இதைப் படித்ததும் நம்பரை எடுத்துவிட்டேன். பையருக்கு எழுதவே வேண்டாமா அப்போது? ஒரு டேனிஷ் பையர் அம்மா பதினான்கு வருடமாக என்னோடுதான் பேசுகிறார்கள், சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

சின்ன முதலாளி (17 மார்ச்)

எழுதுங்கள். ஆனால் முதல் மெயில் ஓனர் பெயரில் போகட்டும். "இந்தத் தேதியோடு இவர் போகிறார், இனி இந்தப் பையன் பார்ப்பான்" என்று அவர் சொன்ன பிறகு அதே இழையில் நீங்கள் பதில் போடுங்கள். ஓனர் சிசியில் இருக்கட்டும், கம்பெனி ஐடியில் இருந்தே அனுப்புங்கள். நாலே வரி. ஓடுகிற ஆர்டர் எது எது, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு வரி இருந்தால் பையருக்கு நன்றியைவிட அதுதான் நிம்மதி. அவருக்கு உங்கள் நம்பர் வேண்டுமென்றால் ஓனரிடம் கேட்டு வாங்கிக்கொள்வார். இதை இரண்டு வாரம் முன்னாலேயே செய்துவிடுங்கள், கடைசி நாள் காலையில் மெயில் ஐடியை மூடிவிடுவார்கள், அப்புறம் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

தறிக்காரன் மகன் (18 மார்ச்)

பையர் சரி. குரூப் செய்திக்கு வாருங்கள். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஒரு ராத்திரி சொல்லுங்கள்.

பாளையத்தான் (18 மார்ச், இரவு)

ஒன்று இருக்கிறது, எழுதலாமா என்று தெரியாமல்தான் விட்டேன், ஏனென்றால் தப்பு என்னுடையது.

2017 தீபாவளிக்கு முந்தின வாரம். ஒரே பையருக்கு இரண்டு நாட்டு ஆர்டர் ஓடியது. யூரோ விலைச்சீட்டு போட வேண்டிய ஆர்டருக்கு பவுண்டு விலைச்சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். 480 அட்டைப்பெட்டி, பெட்டிக்கு 24 பீஸ், எல்லாம் டேப் ஒட்டி அடுக்கிய பிறகு பையரின் கியூசி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துச் சொன்னார். வண்டி மூன்றாம் நாள் காலை தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். ஊருக்குப் போக பஸ் டிக்கெட் எடுத்து வைத்திருந்த பேக்கிங் அக்காமார்கள் பதினான்கு பேர் இரண்டு ராத்திரி இருந்து, பெட்டியைப் பிரித்து, சீட்டை வெட்டி, புதுச் சீட்டை டேக் கன்னில் அடித்து, திரும்ப மடித்து பாலிதீனில் போட்டார்கள். பதினோராயிரத்து ஐந்நூறு பீஸ் இருக்கும். வண்டி நேரத்துக்குக் கிளம்பியது, பையர் பணத்தைப் பிடித்து டெபிட் நோட் அனுப்பவும் இல்லை. அந்தக் குழப்பத்துக்கு யார் காரணம் என்று ஓனர் கேட்டபோது, சீட்டு மாறி வந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட்டார்கள். சீட்டு மாறி வரவில்லை, நான் மாற்றிக் கொடுத்தேன். அதை இன்றுவரை நான் ஓனரிடம் சொல்லவில்லை.

தறிக்காரன் மகன் (18 மார்ச்)

அண்ணா, உங்கள் செய்தி இதுதான். மீதி எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள்.

சின்ன முதலாளி (19 மார்ச்)

கொஞ்சம் இருங்கள். போகிற நேரத்தில் பழைய தப்பைக் குரூப்பில் ஒப்புக்கொண்டால், கணக்குத் தீர்க்காத ஓனர் முன்னால், அது புத்திசாலித்தனமா? நானாக இருந்தால் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பேன். ஆனால் எல்லா ஓனரும் சிரிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

நொய்யல்கரை (19 மார்ச்)

தப்பாக டேக் எடுத்துக் கொடுத்ததற்கெல்லாம் கிராஜுவிட்டியைப் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டுமென்றால் அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டே நீக்கியிருக்க வேண்டும், இவர் தானாக எழுதிக் கொடுத்துப் போகிறவர். ஷிப்மென்ட்டும் நேரத்துக்குப் போயிருக்கிறது, டெபிட் நோட்டும் வரவில்லை. ஆனாலும் ஓனரிடம் முதலில் நேரில் சொல்லிவிட்டு அப்புறம் குரூப்பில் போடுவது நல்லது. பயத்துக்காகச் சொல்லவில்லை, அவர் இதை அறுபது பேரோடு சேர்ந்து முதல்தடவை படிக்க வேண்டாம்.

தறிக்காரன் மகன் (19 மார்ச்)

இன்னொன்று. உங்கள் பேக்கிங்கிலும் டெய்லர் லைனிலும் எத்தனை பேர் தமிழ் படிப்பார்கள்? இப்போது திருப்பூரில் பாதி கம்பெனியில் ஒடிசாவும் பீகாரும்தான் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாளையத்தான் (19 மார்ச்)

டெய்லர் லைனில் இருபத்திரண்டு பேர் வடக்கு. பேக்கிங்கில் எல்லாம் நம் ஊர் அக்காமார்கள், ஆனால் நாலைந்து பேருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவர்கள் குரூப்பில் வாய்ஸ் மட்டும்தான் கேட்பார்கள்.

அச்சாபீஸ் அக்கா (19 மார்ச்)

அப்போது வாயால் சொல்லுங்கள் தம்பி. எனக்கு ஒரு தம்ஸ்அப் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பைண்டிங் பிள்ளைகள் யாரும் படித்தே இருக்க மாட்டார்கள். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் தோன்றுகிறது.

நொய்யல்கரை (20 மார்ச்)

காலண்டரைப் பாருங்கள். 31 திங்கட்கிழமை, ரம்ஜான், லீவாக இருக்கும். எல்லோரும் ஒன்றாக நிற்கிற கடைசி நேரம் 29 சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் போடுகிறபோது. அங்கே சொல்லுங்கள். ஆனால் குரூப் செய்தியிலும் ரிலீவிங் லெட்டரிலும் கடைசித் தேதி 31 என்றே இருக்கட்டும், சனிக்கிழமையோடு போய்விட்டதாக எழுதாதீர்கள். உங்கள் கணக்கில் இரண்டு நாளால் ஒன்றும் மாறாது, ஆனால் காகிதத்துக்குக் காகிதம் தேதி மாறினால் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேள்வி கேட்பார்.

கணக்குப்புலி (20 மார்ச்)

பொறுப்பு ஒப்படைத்த விவரத்தையும் அந்தச் செய்தியிலேயே போட்டுவிடலாமே, ஃபைல், பாஸ்வேர்டு எல்லாம். எங்கள் ஆபீஸில் அப்படித்தான் செய்வோம்.

பாளையத்தான் (20 மார்ச்)

பாஸ்வேர்டைக் குரூப்பில் போட்டால் சிங்கர் மிஷின் மெக்கானிக்குக்கும் தெரிந்துவிடும். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். புதுப் பையன் நல்ல பையன், ஆனால் ஷேடை ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறான். ஜன்னலில் இரண்டு லாட்டும் ஒரே ரோஸாகத் தெரியும். லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம் மாதிரி இருக்கிற டி65 விளக்கை அணைத்துவிட்டு டிஎல்84 விளக்கைப் போட்டால் ஒன்று பழுப்படிக்கும். ஐரோப்பாவில் நிறையக் கடைகளில் அந்த மாதிரி வெளிச்சம்தான், பையர் அதில்தான் பார்ப்பார். சாயப்பட்டறையில் லேப் டிப்புக்கு ஒரு சாயக் கூட்டும் பல்க்குக்கு வேறு கூட்டும் போட்டால் இப்படி வரும். 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவில் இங்கே சாயப்பட்டறை எல்லாம் மூடியபோது துணியை வெளியூருக்கு அனுப்பி அனுப்பி இதில் நன்றாக அடிபட்டுத்தான் கற்றேன். ஒவ்வொரு கலருக்கும் பையர் ஒத்துக்கொண்ட துண்டு, ஒத்துக்கொள்ளாத துண்டு இரண்டையும் ஒட்டி வைத்த ஃபைல் ஒன்று இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தால் நல்லது. நான் போன பிறகு யாராவது பழைய துணி என்று குப்பையில் போட்டுவிடுவார்கள்.

தறிக்காரன் மகன் (20 மார்ச்)

ஃபைல் இருக்கிற இடத்துக்கு ஒரு வரி போதும். மிச்சத்தைப் பையனிடம் லைட் பாக்ஸ் முன்னால் நின்று சொல்லுங்கள்.

பாளையத்தான் (27 மார்ச், இரவு)

ஓனரிடம் டேக் விஷயத்தை நேற்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், "எனக்கு அப்பவே தெரியும் போடா" என்றார். உண்மையிலேயே தெரியுமா, சும்மா சொன்னாரா என்று புரியவில்லை. பையர் மெயில் சின்ன முதலாளி சொன்னபடியே போனது. கடைசியாக எழுதியது இது. சனிக்கிழமை சொல்லிவிட்டு ராத்திரி குரூப்பிலும் போடுவேன்.

"எல்லோருக்கும் வணக்கமுங்க. 2004 ஆகஸ்ட் 9ஆம் தேதி திங்கட்கிழமை இந்தக் கம்பெனிக்கு வந்தேன். அப்போது பழைய ஷெட், மழை பெய்தால் கட்டிங் டேபிளுக்கு மேலே தார்ப்பாய் கட்டுவோம். இந்த மாதம் 31ஆம் தேதியோடு விடைபெறுகிறேன். தாராபுரம் பக்கம் தோட்டம் பார்க்கப் போகிறேன்.

2017 தீபாவளிக்கு முன்னால் விலைச்சீட்டு மாறிப்போனது ஞாபகம் இருக்கும். அது மாறி வரவில்லை, நான்தான் மாற்றிக் கொடுத்தேன். பேக்கிங்கில் பதினான்கு பேர் இரண்டு ராத்திரி தூங்காமல் அதைச் சரிசெய்தீர்கள். ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டவர்களும் உண்டு. யார் தப்பு என்று தெரிந்தும் நீங்கள் யாரும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாத நன்றியை இன்றைக்குச் சொல்கிறேன்.

கட்டிங் மாஸ்டர் அண்ணனுக்கு, எத்தனை தடவை துணி குறைகிறது என்று நான் வந்து நின்றாலும் மார்க்கரை மாற்றிப் போட்டு எங்கிருந்தோ நாற்பது பீஸ் எடுத்துக் கொடுத்ததற்கு. ஓனருக்கு, 2020 லாக்டவுனில் ஷிப்மென்ட் எல்லாம் நின்ற மாதமும் எங்களுக்குப் பாதிச் சம்பளமாவது வந்ததற்கு.

ஷேட் ஃபைல் லைட் பாக்ஸுக்கு மேல் அலமாரியில் இருக்கிறது. பழைய துணி என்று யாரும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்."

நொய்யல்கரை (27 மார்ச்)

"விடைபெறுகிறேன்" போதும். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, அதுதான் வேண்டும். ஆனால் மறக்காமல் கிராஜுவிட்டிக்கான 'I' என்ற ஃபார்மைத் தனியாக எழுதிக் கொடுங்கள், ஒரு நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் முப்பது நாளில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், கேட்காவிட்டால் மறந்துவிடுவது வழக்கம்.

மழைக்காலம் (28 மார்ச்)

கட்டிங் மாஸ்டர் பெயரைச் சொன்னால் அயர்னிங் மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா அண்ணா?

பாளையத்தான் (28 மார்ச்)

கோபிப்பார். அவருக்கு வேறு வழி வைத்திருக்கிறேன், பழைய டிவிஎஸ் வண்டியை அவரிடம்தான் விட்டுப் போகிறேன்.

பாளையத்தான் (30 மார்ச்)

நேற்று முடிந்தது. சம்பளம் போடுகிற டேபிள் முன்னால் நின்று பேசினேன், காகிதம் இருந்தும் பாதியில் தடுமாறிவிட்டது. லைன் சூப்பர்வைசர் ஒடிசாக்காரப் பையன் பக்கத்தில் நின்று ஹிந்தியில் சொன்னான், என்ன சொன்னானோ, நான் பேசியதைவிட நீளமாக இருந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பேக்கிங் அக்கா ஒருத்தர், "பவுண்டு சீட்டுல கொஞ்சம் எங்க வீட்ல இன்னும் இருக்குது கண்ணு, பையன் நோட்டுல ஒட்டி வெச்சிருக்கான்" என்றார். அங்கே சிரிப்பு வந்துவிட்டது, நல்லவேளை.

ராத்திரி குரூப்பில் போட்டேன். ஓனர் பதில் போட்டார்: "04ல ஆடி மாசம் ஒரு பை மட்டும் எடுத்துட்டு வந்த பையன். நல்லா இரு." ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன். எடுக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

நொய்யல்கரை (30 மார்ச்)

கூச்சப்படாதீர்கள். அதை உங்கள் மெயிலுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள், போன் தொலையும்.

கணக்குப்புலி (4 மே)

பாளையத்தான் அண்ணா, ஏப்ரல் 30 தாண்டிவிட்டது. வந்ததா?

பாளையத்தான் (4 மே, இரவு)

2,55,000 வந்தது. ஆடிட்டர் 2008இல் இருந்து போட்டிருக்கிறார், நொய்யல்கரை அம்மா சொன்ன அதே கதை. ஓனருக்குப் போன் செய்தேன், "அப்படியா, பார்க்கிறேன்" என்றார், அவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். குரூப்பில் அவர் போட்ட பதிலின் ஸ்கிரீன்ஷாட்டை இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் எப்படி எடுத்துக்கொள்வாரோ.

சின்ன முதலாளி (4 மே)

அவருக்கு அனுப்ப வேண்டாம். ஆடிட்டருக்கு அனுப்புங்கள், ஓனரைக் கேட்டு என்று ஒரு வரி போட்டு.

நொய்யல்கரை (5 மே)

இருவருக்கும் எழுத்தில் அனுப்புங்கள், வாட்சப் பேச்சாக வேண்டாம். 60,000 பாக்கி, 21 வருடத்துக்கு என்று கணக்கைப் போட்டு. முப்பது நாள் தாண்டியதால் பாக்கிக்கு வட்டியும் உண்டு, அதை இப்போதே கேட்பீர்களா என்பது உங்கள் இஷ்டம். ஒரு மாதம் பாருங்கள். சரிவரவில்லை என்றால் தொழிலாளர் துறை உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், வக்கீல் இல்லாமலே கொடுக்கலாம்.

பாளையத்தான் (5 மே)

எழுதி அனுப்புகிறேன் அம்மா. மனு வரைக்கும் போவேனா என்று எனக்கே தெரியவில்லை. இன்று காலை புதுப் பையன் போன் செய்தான். ரோஸ் கலர் லாட் ஒன்று வந்திருக்கிறதாம், ஜன்னலில் சரியாக இருக்கிறது, டிஎல்84இல் பழுப்படிக்கிறது, என்ன செய்யட்டும் அண்ணா என்று கேட்டான். துணியை வெட்டாதே, ஃபைலை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போ என்றேன்.

அச்சாபீஸ் அக்கா (5 மே)

ஃபைல் இருந்ததா?

பாளையத்தான் (5 மே)

இருந்தது. மேல் அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தது அயர்னிங் மாஸ்டராம்.